விடைக்குறிப்பில் 70, நம் கணக்கில் 75: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழம் வராத லாப நட்டக் கணக்குத்தாளைப் பார்ப்பது அரிது. மாலை வகுப்புகளில் கைமாறிக்கொண்டிருக்கும் ஒரு பயிற்சித்தாளில் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு வியாபாரி கிலோ 50 ரூபாய் வீதம் 80 கிலோ மாம்பழம் வாங்குகிறார். அதில் 20% அழுகிவிடுகிறது. மீதியை விற்று 20% லாபம் பெற வேண்டுமானால், ஒரு கிலோவை என்ன விலைக்கு விற்க வேண்டும்?

வாங்கிய விலை 80 × 50 = 4,000 ரூபாய். 20% லாபத்துக்குக் கையில் வர வேண்டியது 4,800 ரூபாய். அழுகியது 16 கிலோ, மிஞ்சியது 64 கிலோ. 4,800 ÷ 64 = 75. கிலோ 75 ரூபாய்க்கு விற்க வேண்டும். கடைசிப் பக்கத்து விடைக்குறிப்போ 70 என்கிறது.

இந்த இடத்தில் மாணவர்கள் செய்யும் முதல் தவறுதான் எல்லாவற்றிலும் மோசமானது. அச்சிட்ட விடைக்குப் போய்ச் சேர ஏதாவது ஒரு வழியைத் தேடுகிறார்கள். தேடினால் வழி கிடைத்தும் விடுகிறது: அழுகல் 20, லாபம் 20, கூட்டினால் 40; 50 ரூபாயில் 40% என்பது 20 ரூபாய்; 50 + 20 = 70. விடை வந்துவிட்டது என்று சரிக்குறி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். சரியாகச் செய்திருந்த கணக்கை அடித்துவிட்டு, தவறான ஒரு முறையைக் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த தேர்வில் எண்கள் மாறி வரும்போதும் இதே போலச் சதவீதங்களைக் கூட்டுவார்கள், அங்கே மதிப்பெண் போகும்.

கூட்டுவது ஏன் தவறு என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டு 20 சதவீதங்களும் ஒரே பொருளின் மீது எடுக்கப்பட்டவை அல்ல. முதலாவது எடையின் மீது, இரண்டாவது பணத்தின் மீது. எடையில் 20% போய்விட்டால், போட்ட முதலை மீட்பதற்கே விலையை 25% உயர்த்த வேண்டும்: 4,000 ரூபாயை 64 கிலோவால் வகுத்தால் 62 ரூபாய் 50 காசு. அதாவது லாபமே இல்லாத விலை 62.50. அதன் மேல் 20% வைத்தால் 75. மாணவி ஒருத்தியின் தாயார் பழ வியாபாரம் செய்பவர். இந்தத் தாளைக் காட்டியபோது பேனாவைத் தொடாமலே அவர் கேட்டார்: "அழுகியதற்கும் சேர்த்துத்தானே சார் நாங்கள் காசு கொடுத்திருக்கிறோம்? அதையும் நல்ல பழத்தின் தலையில்தானே ஏற்ற வேண்டும்?" முழுக் கணக்கும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. விடை ஒத்துவராத நொடியிலேயே "புத்தகம் தப்பு" என்று முடிவுகட்டுவது. பெரும்பாலான நேரங்களில் தப்பு நம்முடையதாகத்தான் இருக்கும் என்பதால், முதலில் கேள்வியை ஒரு முறை விரல் வைத்துப் படிக்க வேண்டும். பிறகு அதே சொற்களுக்கு வேறு பொருள் கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். 20% லாபம் என்பதை விற்ற விலையின் மீது எடுத்தால், 4,000 ரூபாய் என்பது விற்ற தொகையில் 80% ஆகிறது. விற்ற தொகை 5,000, கிலோ விலை ஏறத்தாழ 78 ரூபாய் 13 காசு. விற்கும் 64 கிலோவின் அடக்கவிலைக்கு மட்டும் லாபம் கணக்கிட்டு அழுகலை விட்டுவிட்டால் 60 ரூபாய். பள்ளிக் கணக்கில் வேறுவிதமாகச் சொல்லாத வரை லாப சதவீதம் அடக்கவிலையின் மீதுதான். இருந்தாலும் மற்ற பொருள்களையும் போட்டுப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. எந்தப் பொருளிலும் 70 வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் நம் சந்தேகத்துக்குக் கால் முளைக்கிறது.

வட்டம், உருளை வரும் கணக்குகளில் சிறு வேறுபாட்டைப் பிழை என்று எண்ணிவிடக் கூடாது. 7 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு, π-க்கு 22/7 எடுத்தால் 154, 3.14 எடுத்தால் 153.86. இரண்டும் சரியே.

அடுத்த தவறு, சரிபார்க்கிறேன் என்று அதே கணக்கை அதே வரிசையில் மறுபடியும் செய்வது. முதல் முறை கண் எங்கே வழுக்கியதோ, இரண்டாம் முறையும் அங்கேயே வழுக்கும். விடையிலிருந்து கேள்விக்குத் திரும்பி வருவதுதான் நம்பகமான வழி. 75 ரூபாய்க்கு 64 கிலோ விற்றால் 4,800 ரூபாய், லாபம் 800, 4,000 ரூபாயில் 800 என்பது 20%. கேள்வி கேட்டது அதுவே. இதே சோதனையை விடைக்குறிப்பின் 70-க்கும் வைக்க வேண்டும். 64 × 70 = 4,480. லாபம் 480. 4,000 ரூபாயில் 480 என்பது 12%. கேள்வி கேட்ட 20% கிடைக்கவில்லை. நம் விடை சரியென்று காட்டுவது ஒரு வேலை, அச்சிட்ட விடை கேள்வியோடு ஒட்டவில்லை என்று காட்டுவது இன்னொரு வேலை. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

தோழர்களிடம் கேட்டு எண்ணிக்கை பார்ப்பதும் சரிபார்ப்பு ஆகாது. நான்கு பேர் 70 என்று எழுதியிருந்தால், நான்கு பேரும் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கலாம். ஒரு கைடு இன்னொன்றைப் பார்த்து அச்சிடப்படுவதும் நடப்பதுதான்.

இவ்வளவும் செய்த பிறகு நல்ல மாணவர்களும் தவறும் ஓரிடம் இருக்கிறது. நாம் இதுவரை நிறுவியது, கேள்வியும் விடைக்குறிப்பும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை மட்டும்தான். தப்பு விடைக்குறிப்பில்தான் என்று இன்னும் நிறுவவில்லை. கேள்வியே தப்பாக அச்சாகியிருந்தால்?

இதைக் கண்டுபிடிக்க, கேள்வியில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக விடுவித்துப் பார்க்க வேண்டும். மற்றவை அப்படியே இருக்க, அந்த ஒன்று என்னவாக இருந்தால் 70 வரும்? வாங்கிய எடையில் தொடங்குவோம். 80 கிலோவுக்குப் பதில் 100 கிலோ போட்டாலும் 5 கிலோ போட்டாலும் விடை 75-தான். இந்தக் கணக்கில் எடை விடையைத் தொடுவதே இல்லை. ஆகவே 80 தப்பாக அச்சாகியிருந்தாலும் அது காரணமாகாது. வாங்கிய விலை 46 ரூபாய் 67 காசாக இருந்தால் 70 வரும். அப்படி ஒரு விலையைக் கேள்வித்தாளில் யாரும் வைக்க மாட்டார்கள். அழுகல் 14.29% ஆக இருந்தாலும் வரும். அதுவும் நம்பும்படி இல்லை. லாப சதவீதம்? மேலே பார்த்த 12. முழு எண். கேள்வி தயாரிப்பவர் இயல்பாக வைக்கக்கூடிய எண். தட்டச்சு செய்தவரின் கண் முந்தைய வரியின் 20% மீது விழுந்து, 12% இருந்த இடத்தில் மறுபடியும் 20% என்று அடித்திருக்கலாம்.

ஆக, 70 வந்ததற்கு இப்போது நம்பத்தகுந்த காரணங்கள் இரண்டு. விடை எழுதியவர் சதவீதங்களைக் கூட்டியிருக்கலாம், அல்லது 12 என்ற எண் 20 ஆக அச்சாகியிருக்கலாம். கணக்கை எத்தனை முறை போட்டாலும் இவற்றில் எது என்று தெரியாது. தாளுக்குள்ளும் தாளுக்கு வெளியேயும்தான் தடயம் தேட வேண்டும். அதே தாளில் இன்னொரு அழுகல் கணக்கு இருந்தால் அதன் விடையைச் சோதிக்கலாம். அங்கேயும் சதவீதங்களைக் கூட்டினால்தான் அச்சிட்ட விடை வருகிறது என்றால், முறையே பிழை. அங்கே விடை சரியாக இருந்தால் அச்சுப்பிழைக்கு வாய்ப்பு கூடுகிறது. தமிழ் வழித் தாளும் ஆங்கில வழித் தாளும் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஒன்றில் 12 இருந்தால் அதோடு வழக்கு முடிந்தது.

கேள்வி ஏதாவது பாடநூலிலிருந்து எடுக்கப்பட்டது என்றால், எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். 2024 நீட் தேர்வின் இயற்பியல் கேள்வி ஒன்றுக்கு, பழைய பாடநூல் பதிப்பின்படி பொருந்துகிறது என்று இரண்டு விடைகளுக்கு மதிப்பெண் கொடுக்கப்பட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், டெல்லி ஐஐடி வல்லுநர் குழு ஒரே ஒரு விடைதான் சரி என்று கூறிய பிறகே தீர்ந்தது.

இன்னொரு எளிய சோதனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: விடைகள் ஓரிடம் தள்ளி அச்சாகியிருக்கின்றனவா? முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு கணக்குகளைச் செய்து பார்த்தால் போதும். ஏழாம் கணக்கின் விடை எட்டாம் எண்ணுக்கு எதிரே இருந்தால் குறை எண்ணிடுதலில் இருக்கிறது, யாருடைய கணக்கிலும் இல்லை.

கடைசியாக, ஆசிரியரிடம் சொல்லும் முறை. "எட்டாவது கணக்கு விடை தப்பு சார்" என்று மட்டும் சொன்னால், வேலை நெருக்கடியில் இருப்பவர் "மறுபடி போட்டுப் பார்" என்றுதான் சொல்வார். அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுப்பது மேல்: தாளின் பெயர், பக்கம், கணக்கு எண், அச்சிட்ட விடை 70, நமக்கு வந்தது 75, 70 ரூபாய்க்கு விற்றால் லாபம் 12% மட்டுமே என்ற ஒரு வரிச் சோதனை, லாபம் 12% என்று இருந்திருந்தால் 70 சரி, ஆகவே கேள்வி அச்சுப்பிழையாகவும் இருக்கலாம் என்ற குறிப்பு. படிப்பவர் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிட முடியும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இந்த வடிவம் உதவும். அரசுத் தேர்வாணையம் உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும்போது, ஆதாரத்தோடு குறிப்பிட்ட நாட்களுக்குள் அனுப்ப வேண்டியிருக்கிறது.

பதில் வரும்வரை அச்சிட்ட 70-ஐ மையால் அடிக்க வேண்டாம். பக்கத்தில் பென்சிலால் 75 என்றும், லாபம் 12% எனில் 70 என்றும் எழுதி வையுங்கள். எது பிழை என்று உறுதியானதும், நகல் எடுப்பதற்கென்று ஆசிரியர் வைத்திருக்கும் மூலத்தாளில் திருத்தச் சொல்லுங்கள். நம் கையிலுள்ள பிரதியை மட்டும் திருத்தினால், ஜெராக்ஸ் கடையிலிருந்து அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் அதே 70 போய்ச் சேரும்.