2:50ஐ ‘மூணு அம்பது’ என்று படிப்பது ஏன்? இரண்டு வாரக் கடிகாரப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழு வயதுக் குழந்தைகளுக்கு முள் கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுக்க, நாளொன்றுக்கு 40 நிமிடமாகப் பத்து வகுப்புகள் போதும். ஆனால் பத்தாம் நாள் 2:50 காட்டும் கடிகாரத்தைப் பார்த்து வகுப்பில் பலர் "மூணு அம்பது" என்று சொன்னால், கோளாறு ஒன்பதாம் நாள் பாடத்தில் இல்லை, முதல் நாள் பாடத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அதுவரை நிமிடங்களைத்தான் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாளே இரண்டு முள்ளையும் காட்டுவது

வழக்கமான திட்டம் இப்படித்தான் தொடங்கும்: நிமிட முள் 12இல், மணி முள் 3இல், "இது மூன்று மணி." அடுத்து ஐந்து மணி, எட்டு மணி. எல்லாரும் சரியாகச் சொல்வார்கள், நமக்கும் திருப்தி. ஆனால் இதிலிருந்து குழந்தை எடுத்துக்கொள்வது, ‘மணி முள் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் மணி’ என்ற விதியை. முழு மணி வரைக்கும் அந்த விதி தவறாது. பிறகுதான் கவிழ்க்கும். 2:50க்கு மணி முள் 3ஐ ஒட்டி நிற்கிறது. விதிப்படி அது மூன்று மணி, நிமிட முள் 10இல் இருப்பதால் ஐம்பது. குழந்தை கற்றுக்கொண்டதைத்தான் சரியாகச் செய்திருக்கிறது.

அதனால் முதல் மூன்று நாளும் மணி முள் மட்டும். பழைய சுவர்க்கடிகாரம் ஒன்றின் கண்ணாடியைக் கழற்றி, நொடி முள்ளையும் நிமிட முள்ளையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி போட்டால் மணி முள் தன்போக்கில் நகரும். ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண் வரையுள்ள இடத்தை ‘வீடு’ என்று அழைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம் பூசுங்கள். 2க்கும் 3க்கும் நடுவில் இருப்பது இரண்டின் வீடு. முள் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த மணி. வீட்டுக்குள் நுழைந்துவிட்டதா, நடுவில் நிற்கிறதா, வெளியேறப் போகிறதா என்று குழந்தைகளே சொல்லட்டும். வகுப்பு தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை அந்தக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 40 நிமிடத்தில் முள் வீட்டின் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அது குதித்துப் போவதில்லை, ஊர்ந்து போகிறது என்பது அப்போது மனதில் படியும்.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். ‘சின்ன முள், பெரிய முள்’ என்றால், பெரியதுதான் மணி காட்டும் என்று நினைக்கும் குழந்தைகள் உண்டு. மணி முள், நிமிட முள் என்றே சொல்லிப் பழக்குங்கள்.

அட்டைக் கடிகாரத்தை நம்புவது

அட்டையில் வட்டம் வெட்டி, இரண்டு முள்ளையும் பின் குத்திச் செய்யும் கடிகாரத்தில் முட்கள் தனித்தனியாகச் சுழலும். "எட்டரை காட்டு" என்றால், குழந்தை நிமிட முள்ளை 6இல் வைத்து, மணி முள்ளைச் சரியாக 8இன் மேல் வைக்கும். அட்டை அதை மறுக்காது. எந்தக் கடிகாரத்திலும் வராத ஒரு நேரத்தைக் குழந்தை இப்படிக் காட்டிப் பழகிவிடுகிறது.

நான்காம் நாள் அரை மணிக்கு வரும்போது, பின்பக்கச் சக்கரத்தைத் திருப்பினால் இரண்டு முள்ளும் சேர்ந்து நகரும் கடிகாரம் தேவை. சாதாரணச் சுவர்க்கடிகாரமே போதும். நிமிட முள் அரைச்சுற்று வந்தால் மணி முள் வீட்டின் நடுவுக்கு வருவதை அவர்கள் கையாலேயே திருப்பிப் பார்க்கட்டும். அட்டைக் கடிகாரத்துக்கும் நல்ல வேலை ஒன்று இருக்கிறது. வேண்டுமென்றே மணி முள்ளை 8இன் மேலேயே நிறுத்திவிட்டு, "இந்தக் கடிகாரம் எங்கே பொய் சொல்கிறது?" என்று கேளுங்கள். பொய்யைக் கண்டுபிடிப்பதில் ஏழு வயதுக்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

1 எப்படி 5 ஆகும் என்பதைத் தாண்டிப் போவது

4:05ஐ "நாலு ஒண்ணு" என்று படித்தால், அதே எண்ணுக்கு இரண்டு வேலை இருப்பது புரியவில்லை என்று பொருள். ஐந்தாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. 60 சென்டிமீட்டர் நீளத்தில் காகிதப் பட்டை வெட்டி, சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக 0 முதல் 60 வரை குறிக்கச் சொல்லுங்கள். பிறகு ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் விட்டமுள்ள கடிகார வட்டத்தின் விளிம்பில் அதைச் சுற்றி ஒட்டினால், 5 என்ற கோடு 1இன் மேலும், 10 என்பது 2இன் மேலும் வந்து உட்காரும். 0வும் 60உம் 12இல் சந்திக்கும். ஐந்தாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை இந்தப் பட்டையோடுதான் வேலை.

கால், அரை, முக்காலுக்குத் தவறான உதாரணங்கள்

எட்டாம் நாள் காலும் முக்காலும். இதில் தமிழ் நமக்குத் துணையாக நிற்கிறது. ஏழேகால், ஏழரை, ஏழேமுக்கால் மூன்றுமே கடந்த மணியின் பெயரோடுதான் தொடங்குகின்றன. முள் இருக்கும் வீட்டின் பெயரும் அதுதான். "எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கு" என்ற பேச்சை இந்த இரண்டு வாரத்தில் கலக்காதீர்கள். பின்னால் தானாக வரும்.

மூன்றேகால், ஆறரை, எட்டேமுக்கால் ஆகியவற்றை முதல் உதாரணமாகக் கொடுக்காதீர்கள். மூன்றிலும் இரண்டு முட்களும் மிக நெருக்கமாக நிற்கும். எது எதைச் சொல்கிறது என்று குழந்தைக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. பத்தேகால், நாலரை, ஏழேமுக்கால் என்று தொடங்குங்கள்.

ஒன்பதாம் நாளை அவசரமாக முடிப்பது

இந்த வகுப்பு முழுவதும் 40, 50, 55 நிமிடங்களுக்கே. என் வகுப்பில் ஒரு சிறுமி 2:50ஐப் பார்த்து, "மூணு அம்பது டீச்சர்" என்றாள். நான் தவறு என்று சொல்லவில்லை, நிமிட முள்ளைக் கையால் மறைத்தேன்.

"மணி முள் மூணைத் தொட்டாச்சா?"

"இல்ல டீச்சர், தொடப்போகுது."

"அப்போ இப்ப யார் வீட்டுல இருக்கு?"

கொஞ்சம் யோசித்து, "ரெண்டு வீட்டுல" என்றாள். கையை எடுத்ததும் அவளே "ரெண்டு அம்பது" என்று திருத்திக்கொண்டாள். முதல் மூன்று நாள் வேலை இல்லாமல் இந்தக் கேள்விகளுக்கு அவளிடம் பதில் இருந்திருக்காது.

வீட்டு முறைக்கும் எல்லை உண்டு. 2:55க்கு மணி முள் 3இலிருந்து அரை நிமிடக் கோடு அளவுகூட விலகியிருக்காது. கண்ணால் பிரிக்க முடியாது. அங்கே நிமிட முள்ளைக் கேட்க வேண்டும்: அது இன்னும் 12ஐ எட்டவில்லை என்றால், மூன்று மணி இன்னும் ஆகவில்லை.

பத்தாம் நாள் நீளமான தேர்வு வேண்டாம். 2:50ஐயும் 4:05ஐயும் படிக்கச் சொல்லுங்கள், 8:30ஐ வரையச் சொல்லுங்கள், சரியாக மூன்று மணியைப் படிக்கச் சொல்லுங்கள். முதலாவதில் தவறினால் வீட்டு நிறங்களுக்குத் திரும்ப வேண்டும், இரண்டாவதில் தவறினால் காகிதப் பட்டைக்கு. 8:30க்கு மணி முள்ளை 8இன் மேலேயே வரைந்திருந்தால், சக்கரம் திருப்பும் கடிகாரத்தை இன்னொரு முறை கையில் கொடுங்கள். மூன்று மணியைப் "பன்னிரண்டேகால்" என்றால் முட்களை மாற்றிப் படிக்கிறார்கள். எத்தனை நேரம் ஆயிற்று என்று கணக்கிடும் பாடத்தை இந்தப் பத்து நாளில் திணிக்காமல், இந்த நான்கும் தேறிய பிறகு தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.