டின் எத்தனை நாளில் தீர வேண்டும்? குழந்தைப் பால் பவுடரும் தண்ணீரும் அளக்கும் முறை

என் தங்கையின் குழந்தைக்கு அப்போது இரண்டு மாதம், எடை 5 கிலோ. தாய்ப்பால் போதவில்லை என்று டாக்டரே பார்த்துப் பால் பவுடர் எழுதிக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை காலையில் 400 கிராம் டின் ஒன்றைப் பிரித்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு நான் போனபோது அதே டின்னில்தான் ஸ்கூப்பை விட்டுக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லையே, சிக்கனமாகத்தான் போகிறது என்று முதலில் தோன்றியது. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த டின் வியாழக்கிழமை இரவுக்குள் காலியாகியிருக்க வேண்டும்.

அந்தக் கணக்கைச் சொல்வதற்கு முன், ஒரு வேளைப் பாலை எப்படி அளப்பது என்று பார்த்துவிடலாம்.

முதலில் டின்னைப் படியுங்கள்

டின்னின் பக்கவாட்டில் ஒரு அட்டவணை இருக்கும். குழந்தையின் வயது, எடை, ஒரு வேளைக்குத் தண்ணீர் எத்தனை மி.லி., ஸ்கூப் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். இதில் தண்ணீருக்கும் ஸ்கூப்புக்கும் உள்ள விகிதம் மாறவே கூடாது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பல டின்களில் 30 மி.லி. தண்ணீருக்கு 1 ஸ்கூப். சில வெளிநாட்டு டின்களில் ஸ்கூப்பே பெரிது, 60 மி.லி.க்கு ஒன்று என்று இருக்கும். அதனால் பழைய டின்னின் ஸ்கூப்பைக் கழுவி வைத்துக்கொண்டு புது டின்னுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு டின்னுக்கும் அதனுள்ளேயே வரும் ஸ்கூப்தான் அளவு.

வயதுக்கும் வேளைக்கும் போட்டிருப்பது உத்தேசம்தான். ஒரு குழந்தை 90 மி.லி.யோடு திரும்பிக்கொள்ளும், இன்னொன்று 120-ஐயும் முடித்துவிட்டு அழும். நம் குழந்தைக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். பாலின் அளவு கூடலாம், குறையலாம். அடர்த்தி மட்டும் மாறக் கூடாது.

எங்கள் டின்னில் 30 மி.லி.க்கு 1 ஸ்கூப். ஒரு வேளைக்கு 120 மி.லி. தண்ணீர். 120-ஐ 30-ஆல் வகுத்தால் 4 ஸ்கூப். கணக்கு இவ்வளவுதான். 100 மி.லி. என்று வைத்தால் மூன்றே கால் ஸ்கூப்புக்கு மேல் வரும், அதைக் கண்ணால் அளக்க முடியாது. ஆகவே தண்ணீரை எப்போதும் 60, 90, 120, 150 என்று முழு ஸ்கூப் வரும்படியே எடுங்கள்.

தண்ணீரை அளப்பது

தண்ணீரைக் கொதிக்க வைத்த பிறகு அளக்க வேண்டும். 120 மி.லி.யை அளந்துவிட்டுக் கொதிக்க வைத்தால் ஆவியாகிப் போனதுபோக மிஞ்சுவது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்க்காதீர்கள். மேடை மேல் வைத்து, நீங்கள் குனிந்து, கோடு கண்ணுக்கு நேராக இருக்கும்படி பாருங்கள். மேலிருந்து பார்த்தால் அளவு தவறாகத் தெரியும். சில பாட்டில்களில் ஒரு பக்கம் மி.லி., இன்னொரு பக்கம் அவுன்ஸ் போட்டிருக்கும். 1 அவுன்ஸ் ஏறக்குறைய 30 மி.லி. தூக்கக் கலக்கத்தில் பக்கம் மாறிவிடும் என்பதால், நாங்கள் அவுன்ஸ் பக்கத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டோம்.

மலிவான பாட்டில்களில் கோடே தப்பாக இருப்பதுண்டு. மருந்துக்கடையில் 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஆறு தடவை தண்ணீர் எடுத்து விடுங்கள். 60 கோட்டில் வந்து நிற்க வேண்டும். இந்தச் சோதனையை ஒருமுறை செய்தால் போதும். பாலாடையிலோ சங்கிலோ கொடுப்பவர்களுக்கு அதில் கோடு இருக்காது. அளவுக் குவளையில் கலக்கிவிட்டு அதிலிருந்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அபூர்வமாக அதில் இருக்கக்கூடிய கிருமி, பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். அதனால் உலக சுகாதார நிறுவனம் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கி, பிறகு ஆற வைத்துக் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் பல டின்களில் வெதுவெதுப்பான நீர் என்றுதான் போட்டிருக்கிறார்கள். இரண்டும் இடிப்பதால், உங்கள் டின்னை டாக்டரிடமே காட்டிக் கேட்டுவிடுங்கள். குறைமாதக் குழந்தை என்றால் கேட்காமல் இருக்கவே கூடாது.

ஸ்கூப் போடுவது

நெல்லையும் அரிசியையும் படியில் அளந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தலை தட்டிப் போட வேண்டும். பவுடரைத் தளர்வாக அள்ளி, ஸ்கூப்பின் விளிம்போடு சுத்தமான கத்தியின் முதுகால் வழித்துவிட வேண்டும். பல டின்களில் இதற்கென்றே வாயில் ஒரு தட்டு இருக்கும். குவித்துப் போடக் கூடாது, டின் சுவரில் வைத்து அழுத்தவும் கூடாது. எங்கள் ஸ்கூப் தலை தட்டி 4.4 கிராம். அதையே அழுத்தி நிரப்பிச் சமையலறைத் தராசில் வைத்தபோது 5 கிராமைத் தாண்டியது.

எண்ணும்போது வாய்விட்டு எண்ணுங்கள். நடுவில் போன் வந்து மூன்றா நாலா என்று சந்தேகம் வந்தால், கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். பணம்தான், மனசு வராது, இருந்தாலும் கொட்டத்தான் வேண்டும்.

தண்ணீர் முதலில், பவுடர் பிறகு

புதிதாகக் கலக்குபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். டின்னில் 120 மி.லி. என்று போட்டிருப்பது தண்ணீரின் அளவு, கலந்து முடித்த பாலின் அளவு அல்ல. பவுடரும் இடத்தை அடைக்கும். எங்கள் டின்னில் 90 மி.லி. தண்ணீரும் 13.2 கிராம் பவுடரும் சேர்ந்து 100 மி.லி. பால் என்று எழுதியிருந்தது. அந்தக் கணக்கில் 120 மி.லி. தண்ணீரில் 4 ஸ்கூப் கலந்தால் பால் 133 கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். கோட்டைத் தாண்டிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், அப்படித்தான் வர வேண்டும்.

இதையே தலைகீழாக, 4 ஸ்கூப்பை முதலில் போட்டுவிட்டு 120 கோடுவரை தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? உள்ளே போன தண்ணீர் 107 மி.லி.தான். அது மூன்றரை ஸ்கூப்புக்கான தண்ணீர். அரை ஸ்கூப் பவுடர் ஒவ்வொரு வேளையும் கூடுதலாகப் போகிறது.

பால் இப்படிக் கெட்டியானால் அதிலுள்ள உப்பை வெளியேற்றக் குழந்தையின் சிறுநீரகம் திணறும், உடம்பில் நீர்ச்சத்து குறையும். மலம் இறுகும், சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகும். நீர்த்துப்போனாலும் ஆபத்துதான். வயிறு நிறையும், ஆனால் எடை ஏறாது. மிகவும் நீர்த்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரலாம். மலச்சிக்கல் என்றோ வெயில் காலம் என்றோ பாலில் கூடத் தண்ணீர் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ உடனே டாக்டரிடம் போய்விடுங்கள். கலக்கும் அளவை நீங்களாகக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம்.

கலக்கிய பாலைக் குழந்தை குடிக்கத் தொடங்கிவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சத்தை வைக்காதீர்கள். எச்சில் பட்ட பால் சீக்கிரம் கெடும்.

டின்னை வைத்துச் சரிபார்ப்பது

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். ஒரு வேளைக்கு 4 ஸ்கூப், ஒரு நாளைக்கு 6 வேளை. ஆக 24 ஸ்கூப். ஒரு ஸ்கூப் 4.4 கிராம் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 106 கிராம். 400 கிராம் டின் நாலு நாள்கூட முழுசாக வராது. எங்கள் வீட்டிலோ ஐந்தாம் நாள் இரவிலும் ஓடிக்கொண்டிருந்தது. 400-ஐ ஐந்தால் வகுத்தால் நாளைக்கு 80 கிராம், அதாவது 18 ஸ்கூப். வேளைக்கு மூன்று!

தங்கையின் மாமியாரிடம் கேட்டேன். "கெட்டியா குடுத்தா பச்சைக் குழந்தைக்குச் செரிக்காதும்மா, அதான் ஒரு கரண்டி குறைச்சுப் போடறேன்" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பசும்பாலுக்குத் தண்ணீர் விட்டுக் கொடுத்த காலத்துப் பழக்கம். "அத்தை, பசும்பால் கணக்கு இதுக்கு வராது. குழந்தைக்குத் தாங்குற மாதிரி அளவு பார்த்துத்தான் செஞ்சிருக்காங்க" என்று தங்கை டின்னைக் காட்டினாள். மறுநாள் எடை போட்டபோது அந்த வாரம் குழந்தை ஏறவே இல்லை என்பது தெரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, டின்னில் உள்ளபடி நாலு ஸ்கூப்புக்கே திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரையும்விடக் கறாராகத் தலை தட்டிப் போடுபவர் அந்த மாமியார்தான்.

டின் பிரித்த தேதியை மூடியின் மேல் மார்க்கரால் எழுதி வையுங்கள். கணக்குக்கு ஒரு நாள் முன்பே தீர்ந்தால் யாரோ குவித்துப் போடுகிறார்கள், தள்ளிப் போனால் யாரோ குறைக்கிறார்கள். குழந்தை பாதியில் விட்டதைக் கொட்டினாலும் பவுடர் செலவானதுதானே, அதனால் அது கணக்கைக் கெடுக்காது. பாதி வேளை தாய்ப்பால் கொடுப்பவர்கள் வேளையை எண்ணி இதே மாதிரி பெருக்கிக்கொள்ளலாம்.

ஆறு மாதத்துக்குப் பிறகு கஞ்சி மாவு

கடையில் வாங்கும் கஞ்சி மாவுப் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது, மாவிலேயே பால் சேர்ந்திருக்கிறதா என்பதை. பால் சேர்ந்தது என்றால் தண்ணீரில் மட்டும் கரைக்க வேண்டும். அதைப் போய்ப் பாலில் கரைத்தால், மேலே சொன்ன கெட்டிப் பால் கதைதான். பால் சேராத மாவு என்றால் குழந்தை வழக்கமாகக் குடிக்கும் பாலில் கரைக்கலாம்.

எங்கள் பெட்டியில் 50 கிராம் மாவுக்கு 150 மி.லி. வெந்நீர் என்றிருந்தது. ஆரம்பத்தில் குழந்தை அவ்வளவு சாப்பிடாது. பாதி வேண்டுமென்றால் 25 கிராமுக்கு 75 மி.லி., இரண்டையும் ஒரே மாதிரி வகுத்தால் போதும். ஆறி வெதுவெதுப்பான நீரைக் கிண்ணத்தில் ஊற்றி, மாவைத் தூவிக்கொண்டே கலக்குங்கள். இரண்டு நிமிஷத்தில் இறுகும், அதற்குள் நீர்த்திருக்கிறது என்று மாவை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் தண்ணீர்போல ஓடாமல், மெதுவாக நழுவி விழுந்தால் பதம் சரி. பால் பவுடர் ஸ்கூப்பால் இந்த மாவை அளக்காதீர்கள், மாவின் எடை வேறு. பாட்டிலில் போட்டும் கொடுக்காதீர்கள். கஞ்சி ஸ்பூனில் ஊட்டுவதுதான்.