குறளை அலகிடுவது எப்படி? அசை பிரித்து வாய்பாடு எழுதும் முறை

"பின்வரும் குறட்பாவை அலகிட்டு வாய்பாடு தருக" என்று வினாத்தாளில் ஒரு வினா வரும். தேமா, புளிமா என்று ஒப்பிக்கத் தெரிந்த மாணவர்களே இதில் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள். அவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வாய்பாட்டில் அன்று, அதற்கு முந்திய படியான அசை பிரிப்பதில். ஆகவே அங்கேயே கொஞ்சம் நின்று பார்ப்போம். கல்வி அதிகாரத்துக் குறள் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணுடையர் என்பவர் கற்றோர் முகத்திரண்டு
புண்ணுடையர் கல்லா தவர்.

முதல் படி: சீரை அப்படியே எடுங்கள்

முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. கடைசியில் "கல்லா தவர்" என்று இருப்பதைப் பார்த்து, "கல்லாதவர் ஒரே சொல்லாயிற்றே" என்று சேர்த்துவிடாதீர்கள். சீர் என்பது ஓசையின் துண்டு. சொல் எங்கே முடிகிறது என்பது அதற்குப் பொருட்டில்லை. வினாத்தாளில் இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் சீர் முடிகிறது.

இரண்டாம் படி: அசை பிரித்தல்

சீரின் முதல் எழுத்திலிருந்து தொடங்குங்கள். அது நெடிலா? அப்படியானால் அங்கேயே அசை முடிந்தது. பின்னால் ஒற்று இருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டு கோடு போடுங்கள். அது நேரசை.

குறிலாக இருந்தால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். அடுத்தது ஒற்று என்றால் அதைச் சேர்த்துக்கொண்டு நிறுத்துங்கள், இதுவும் நேரசைதான். அடுத்தது ஒற்றல்லாத எழுத்து என்றால், குறிலோ நெடிலோ, அதையும் இழுத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் ஒற்று இருந்தால் அதுவும் சேரும். இது நிரையசை. பின்னால் எதுவும் இல்லாமல் சீரின் கடைசியில் ஒரு குறில் தனியாக நின்றால் அது நேரசை.

இந்த முறையில் "கண்ணுடையர்" என்ற சீரைப் பாருங்கள். க குறில், அடுத்து ண் ஒற்று, "கண்" நேர். அடுத்து ணு. இது குறில், இதன்பின் ஒற்று இல்லை, டை இருக்கிறது. எனவே "ணுடை" சேர்ந்து நிரை. மிச்சம் "யர்" நேர். பல விடைத்தாள்களில் இதைக் கண்/ணு/டை/யர் என்று நான்காக வெட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தனிக்குறில் சீரின் நடுவே தனியாக நிற்காது. அப்படி நிற்பதாக உங்கள் கோடு காட்டினால் கோடு தவறு.

"முகத்திரண்டு" இன்னொரு பொறி. "முகத்" நிரை. "திரண்" என்பதில் தி, ர இரண்டும் குறில், பின்னால் ஒற்று, அதுவும் நிரை. இங்கே நிறுத்திவிடத் தோன்றும், ஏனெனில் வாயில் "டு" மெலிந்து ஒலிக்கிறது. ஆனால் அதுவும் ஓர் அசை, நேர்.

மூன்றாம் படி: வாய்பாடு

மனப்பாடத்தைக் கொஞ்சம் குறைக்க ஒரு வழி உண்டு. வாய்பாட்டுப் பெயரையே அலகிட்டுப் பாருங்கள். தே/மா என்பது நேர் நேர். புளி/மா நிரை நேர். கரு/விளம் நிரை நிரை. கூ/விளம் நேர் நிரை. மூன்றாம் அசை நேர் என்றால் "காய்" சேரும், நிரை என்றால் "கனி". பெயரே தன் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது.

கடைசிச் சீருக்கு மட்டும் வேறு கணக்கு. அது ஓரசையாகவோ, ஓரசையோடு ஓர் உகரம் சேர்ந்தோ முடியும். நேர் என்றால் நாள், நிரை என்றால் மலர். நேரோடு உகரம் வந்தால் காசு, நிரையோடு வந்தால் பிறப்பு. முதல் குறளின் இறுதியில் உள்ள "உலகு" நிரை நேர்தானே என்று புளிமா எழுதினால் தவறு, அது பிறப்பு. அதே உகரம் முகத்திரண்டு போல இடையில் வந்தால் முழு அசையாக எண்ணப்படும்.

நம் குறளின் விடை இப்படி வரும்:

| சீர் | அசை | வாய்பாடு |
|---|---|---|
| கண்/ணுடை/யர் | நேர் நிரை நேர் | கூவிளங்காய் |
| என்/பவர் | நேர் நிரை | கூவிளம் |
| கற்/றோர் | நேர் நேர் | தேமா |
| முகத்/திரண்/டு | நிரை நிரை நேர் | கருவிளங்காய் |
| புண்/ணுடை/யர் | நேர் நிரை நேர் | கூவிளங்காய் |
| கல்/லா | நேர் நேர் | தேமா |
| தவர் | நிரை | மலர் |

நான்காம் படி: தளையால் சரிபார்த்தல்

வினா கேட்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள். அரை நிமிடம்தான் ஆகும். குறள் வெண்பாவில் மூன்று சேர்க்கைக்கு மட்டுமே இடம்: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். ஒரு சீரின் வாய்பாட்டையும் அடுத்த சீரின் முதல் அசையையும் ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். கண்ணுடையர் காய், அடுத்து "என்" நேர், சரி. என்பவர் விளம், "கற்" நேர், சரி. கற்றோர் மா, "முகத்" நிரை, சரி. முதலடியின் கடைசிச் சீரும் இரண்டாம் அடியின் முதற்சீரும்கூட இப்படிப் பொருந்த வேண்டும்: காய், "புண்" நேர். கனிச்சீருக்கு வெண்பாவில் இடமே இல்லை. உங்கள் விடையில் கனி வந்தால் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

ஆனால் எல்லாப் பிழையையும் தளை காட்டிக்கொடுக்காது. "முகத்திரண்டு" சீரில் டுவை விட்டுவிட்டால் கருவிளம் ஆகும். விளமுன் நேர் என்று அதுவும் ஒழுங்காகப் பொருந்தி உங்களை ஏமாற்றும். ஆகவே தளை பார்ப்பதற்கு முன் எழுத்து ஏதும் விடுபடவில்லையே என்று ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

ஒரு வில்லங்கமான குறள்

குழலினி தியாழினி தென்பதம் மக்கள்
மழலைச்சொல் கேளா தவர்.

"குழலினி" கருவிளம். அடுத்த சீரை மேலே சொன்ன முறைப்படி பிரித்தால் தியா/ழினி, அதாவது நிரை நிரை. விளமுன் நிரை வந்துவிட்டதே! வள்ளுவர் தளை தட்டிவிட்டாரா? இல்லை. "குழலினிது" என்பதன் இறுதி உகரம் யகரத்துக்கு முன் இகரமாகத் திரிந்து "தி" ஆகியிருக்கிறது. இது குற்றியலிகரம். தளை கெடும் இடத்தில் இதை அலகு பெறாததாகக் கொள்வது யாப்பின் மரபு. எனவே தியா என்பதை யா போலவே நேராகக் கொண்டால் தியா/ழினி கூவிளம் ஆகிறது; விளமுன் நேர் சரியாக வருகிறது.

இதே குறளைச் சந்தி பிரித்து "குழல்இனிது யாழ்இனிது என்பதம் மக்கள்" என்று அச்சிட்டிருப்பார்கள். அதை அலகிட்டால் கருவிளங்காய், கூவிளங்காய், கூவிளம், தேமா என்று வரும், தளையும் கெடாது. ஆனால் "என்ப தம்மக்கள்" என்று பிரித்த பதிப்பை எடுத்துக்கொண்டால் தேமாவை அடுத்து "தம்" நேராக நிற்கும். மாமுன் நேர் வெண்பாவுக்கு ஆகாது. அங்கே பிழை உங்களுடையதன்று, பொருளுக்காகச் சொல் பிரித்தவருடையது. வீட்டில் பயிற்சி செய்யும்போது சீர் பிரித்த பதிப்பையே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.