டியூப்பைக் கட்டியதால் பீரியட்ஸ் கெட்டுவிட்டதா?

செந்தூலில் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலி அக்கா மெல்லக் குனிந்து சொன்னார்: "ஆபரேஷனுக்கு முன்னால மூணே நாள்தாம்மா, பேருக்குத்தான் படும். இப்ப ஆறு நாள், கொட்டுது. டியூப்பைக் கட்டினதுல ஹார்மோன் கெட்டுப்போச்சு."

வயது 38. கடைசிப் பிள்ளைக்குப் பிறகு எட்டு வருடம் கருத்தடை மாத்திரை. போன வருடம்தான் டியூப் கட்டும் கருத்தடை ஆபரேஷன். நான் ஒன்றுதான் கேட்டேன்: "மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னால எப்படிக்கா இருந்துச்சு?" கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்பவும் ஆறு நாள்தான்."

அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். மாத்திரை கர்ப்பப்பையின் உள்சவ்வை மெலிய வைக்கிறது. அதனால்தான் அத்தனை வருடமும் குறைவாகப் பட்டது. மாத்திரையை நிறுத்தியதும் அவருடைய சொந்த மாதவிலக்கு திரும்பிவிட்டது. கருத்தடை ஊசி போட்டிருந்தால் பழைய ஒழுங்கு வர இன்னும் பல மாதம் பிடிக்கலாம். ஒப்பிடுவதென்றால் மாத்திரைக்கும் ஊசிக்கும் முந்திய மாதங்களோடு ஒப்பிட வேண்டும்.

ஹார்மோன் டியூப் வழியாகப் போகிறது என்று நினைப்பது இன்னொரு தவறு. டியூப் கருமுட்டை போகும் பாதை மட்டுமே. சினைப்பை தயாரிக்கும் ஹார்மோன் நேராக ரத்தத்தில் கலக்கிறது. பக்கத்து ரத்தக்குழாய் பாதிக்கப்படாதா என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் சினைப்பைக்குத் தனி ரத்தக்குழாயும் உண்டு. அமெரிக்காவில் ஆபரேஷன் செய்துகொண்ட 9,514 பெண்களை, கணவர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களோடு ஒப்பிட்டார்கள். 2000-ல் வெளியான அந்த முடிவில், டியூப் கட்டியவர்களில்தான் ரத்தப்போக்கும் வலியும் குறைந்ததாகச் சொன்னவர்கள் அதிகம். சுழற்சி ஒழுங்கு தவறியதாகச் சொன்னவர்களும் அவர்களில் சற்றே அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எனக்குப் பெரிய கவலை, எல்லாப் பழியையும் ஆபரேஷன் மேல் போட்டுவிட்டு டாக்டரைப் பார்க்காமல் இருப்பதுதான். மணிக்கு ஒரு பேட் நனைந்தால், 50 காசு நாணயத்தைவிடப் பெரிய ரத்தக்கட்டிகள் விழுந்தால், ஏழு நாளைத் தாண்டினால், அதற்கு வேறு காரணம் இருக்கும்: கர்ப்பப்பைக் கட்டி, தைராய்டு, நாற்பதை ஒட்டிய வயது. அந்த அக்காவை கிளினிக் கெசிஹாத்தானுக்கு அனுப்பினேன். ரத்தச் சோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ஸ்கேனுக்கும் எழுதிக்கொடுத்தார்கள்.

நாள் தள்ளிப்போனால் மட்டும் "ஹார்மோன்தான்" என்று காத்திருக்கவே கூடாது. அபூர்வமாக டியூப் கட்டிய பிறகும் கரு தங்கும். பத்து வருடத்தில் ஆயிரம் பேரில் சுமார் 18 பேருக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியது. ஃபார்மசியில் டெஸ்ட் கிட் வாங்கி அன்றே பாருங்கள். இரண்டு கோடு தெரிந்தால் வலி இல்லாவிட்டாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். நாள் தள்ளிய நிலையில் ஒரு பக்க அடிவயிற்று வலி, மயக்கம், தோள்வலி எது வந்தாலும், டெஸ்ட்டுக்கும் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், டியூப் கட்டியிருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.