புஷ்-இன் எப்போது தொடங்க வேண்டும்?

புஷ்-இன் என்றால் கேமராவே கதாபாத்திரத்தை நோக்கி நெருங்குவது. இந்த நொடியில் மாறுவது கதாபாத்திரம் இருக்கும் இடமா, பார்க்க வேண்டிய பொருளா, அவர் மனசா? இடம் என்றால், கேமரா அவரோடு கூடவே நகரும் டிராக்கிங். பார்க்க வேண்டிய பொருள் என்றால், கேமரா நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திரும்பும் பேன் அல்லது மேலும் கீழுமாகச் சாயும் டில்ட். மனசு என்றால்தான் புஷ்-இன்.

ஒரு பெண்ணுக்குக் கடிதம் வருகிறது. வாசலிலிருந்து மேஜை வரை அவளோடு டிராக்கிங்கில் போங்கள். அவளுடைய அவசரம் பார்ப்பவருக்கும் ஒட்டிக்கொள்ளும். உறையிலிருந்து முகத்துக்கு ஒரு டில்ட். அப்புறம் கேமரா அசையவே வேண்டாம். படிக்கத் தொடங்கும்போதே புஷ்-இன் போட்டால், கெட்ட செய்தி என்று அவளுக்கு முன்பே நாம் சொல்லிவிடுவோம். அவள் கண் ஒரு வரியில் நின்றுவிடும் பாருங்கள், அங்கே தொடங்குங்கள். இடுப்பளவு ஷாட்டிலிருந்து முகம் வரை, மெதுவாக, ஆறேழு விநாடி. அவள் நிமிர்வதற்குள் கேமரா நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பார்வையோடு போட்டி போடும்.

இதற்கு ஜூம் வேண்டாம். ஜூமில் முகமும் பின்சுவரும் ஒரே அளவில் பெரிதாகும். கேமராவே நெருங்கும்போது முகம் வளரும் வேகத்தில் சுவர் வளராது. அவள் தனித்துத் தெரிவது அதனால்தான். ஆனால் தூரம் குறைந்துகொண்டே வருவதால் ஃபோகஸையும் கூடவே நகர்த்த வேண்டும். ஒத்திகையில் முடிவுப் புள்ளியைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.