ஆறு மணிக்கு எழுவேன்: ஒரு ஜப்பானிய வாக்கியத்தைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவருக்கு மாலையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். என்னைவிட வயதில் மூத்தவர். தினசரி வேலைகளைச் சொல்லும் முதல் வாக்கியத்தை எழுதிவந்தார். அதை நாங்கள் சோதித்த விதத்தை அப்படியே தருகிறேன். எழுத்து இன்னும் பழகாதவர்களுக்காக ஒலிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

படி 1: தமிழ் வாக்கியத்தைச் சரியாக வையுங்கள்

"மேடம், 'மைனிச்சி நி ரொகுஜி நி ஒகிதெ இமாஸ்'. தினமும் ஆறு மணிக்கு எழுந்திருக்கிறேன்."

"சார், முதலில் தமிழைப் பார்ப்போம். உங்கள் பழக்கத்தை யாராவது கேட்டால் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?"

"ஆறு மணிக்கு எழுந்திருப்பேன் என்று சொல்வேன்."

"அதுதான் வேண்டும். அந்த 'பேன்'தான் ஜப்பானிய 'மாஸ்'."

தமிழில் 'எழுவேன்' என்பது நாளைக்கும் பொருந்தும், தினசரிப் பழக்கத்துக்கும் பொருந்தும். அதற்கு ஜப்பானிய மொழியில் வரும் 'ஒகிமாஸ்' என்பதும் அப்படியே. ஆங்கில இலக்கணம் வழியாகப் படிப்பவர்கள் இதற்குத் தனி விதி மனப்பாடம் செய்கிறார்கள், நமக்கு அது கைவசமே இருக்கிறது.

'ஒகிதெ' என்றால் 'எழுந்து', 'இமாஸ்' என்றால் 'இருக்கிறேன்'. சேர்த்தால் எழுந்து, விழித்த நிலையில் இருக்கிறேன் என்றாகும். "ரொகுஜி நி ஒகிதெ இமாஸ்" என்றால் ஆறு மணிக்கு முழித்துக்கொண்டிருப்பேன் என்றும் கேட்பவர் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் ஐந்து மணிக்கே எழுந்திருக்கலாம். எழும் நேரத்தைச் சொல்ல 'ஒகிமாஸ்'தான் தெளிவு.

படி 2: 'நி'யை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்

"இரண்டு 'நி' போட்டிருக்கிறீர்களே, ஏன்?"

"நேரத்தோடு 'க்கு' வருகிற இடத்திலெல்லாம் 'நி' என்று நினைத்தேன்."

"ரொகுஜி நி, ஆறு மணிக்கு. அது பொருந்துகிறது. 'தினமும்' என்பதில் 'க்கு' எங்கே இருக்கிறது?"

"இல்லை. எடுத்துவிடுகிறேன்."

"சரி, 'நாளைக்கு ஆறு மணிக்கு' என்றால்?"

"அஷிதா நி ரொகுஜி நி..."

இங்கேதான் தமிழ் நம்மை வழுக்கிவிடும். நாம் 'நாளைக்கு' என்று சொல்வதால் 'அஷிதா'வுக்குப் பின்னாலும் 'நி' வந்து ஒட்டிக்கொள்கிறது. அது தவறு. இன்று, நாளை, நேற்று என்று பேசும் நாளைப் பொறுத்து மாறும் சொற்களுக்கும், தினமும், தினம் காலையில் போன்றவற்றுக்கும் 'நி' வராது. கடிகார மணிக்கு வரும். கிழமைப் பெயரோடு போட்டாலும் சரி, விட்டாலும் சரி. சந்தேகம் வந்தால் அந்த நேரம் கடிகாரத்தில் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொடக்க நிலைக்கு அது போதும்.

படி 3: ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள்

இப்போது வாக்கியம் "மைனிச்சி ரொகுஜி நி ஒகிமாஸ்" என்று நிற்கிறது. 'வதஷி வா', அதாவது 'நான்', தேவையில்லை. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருந்தால் ஜப்பானியர்கள் அதை விட்டுவிடுவார்கள்.

"நான்கு மணி?"

"நான்கு என்றால் யொன். யொன்ஜி."

"இல்லை சார், யொஜி. ஒன்பது மணியும் அப்படித்தான், க்யூஜி கிடையாது, குஜி. ஏழு மணி ஷிச்சிஜி, ஒரு மணி இச்சிஜி. இந்த இரண்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும், ஜாக்கிரதை."

மணியை மாற்றும்போது மற்ற எதையும் தொடாதீர்கள். இரண்டு சொற்களை ஒரே நேரத்தில் மாற்றினால் எது தப்பியது என்று தெரியாது.

படி 4: எதிர்மறையும் இறந்தகாலமும்

'ஒகிமாஸ்' என்பதன் வாலை மட்டும் மாற்றினால் போதும். எழாத பழக்கத்துக்கு 'ஒகிமாஸென்'. தமிழில் 'எழ மாட்டேன்', 'எழுவதில்லை' என்று இரண்டு வைத்திருக்கிறோம், அங்கே இரண்டுக்கும் இது ஒன்றே. எழுந்தேன் என்பதற்கு 'ஒகிமாஷிதா'. 'மைனிச்சி'யை எடுத்துவிட்டு 'கினோ', அதாவது நேற்று, போட்டுச் சொல்லச் சொன்னேன்.

"கினோ ரொகுஜி நி ஒகிமாஷிதா." 'கினோ'வுக்கு அவர் 'நி' போடவில்லை. படி 2 மனதில் பதிந்துவிட்டது.

படி 5: உங்கள் உண்மையான நாளைச் சொல்லுங்கள்

புத்தக வாக்கியம் நம் வாழ்க்கையோடு பொருந்தாவிட்டால் நாக்கில் நிற்காது. அவருக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட்.

"அசா ஹச்சிஜி நி நெமாஸ்." காலை எட்டு மணிக்குத் தூங்குவேன்.

"அசா?" என்று வியந்து கேட்டேன். ஜப்பானியரும் கேட்பார்.

"ஹாய், அசா தெஸு." ஆமாம், காலையில்தான்.

அப்புறம் அவரே யோசித்து, கேட்காமலே அடுத்ததைச் சொன்னார்: "ரொகுஜி நி ஒகிமாஸென். சான்ஜி நி ஒகிமாஸ்." ஆறு மணிக்கு எழ மாட்டேன், மூன்று மணிக்கு எழுவேன்.