மட்டன் சுக்காவை வைத்து ஃபுட் காஸ்டிங் படிக்கலாம்: ரிவிஷன் அட்டை தயாரிக்கும் முறை

ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோவில் ஃபுட் காஸ்டிங் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வகுக்க வேண்டிய இடத்தில் சதவீதத்தைக் கூட்டிவிடுவார்கள், இல்லையென்றால் கழித்துவிடுவார்கள். வெங்காயக் கழிவு, விற்பனை விலை, ஜிஎஸ்டி மூன்றிலும் இதே தவறுதான் வரும். அதனால் இந்த அட்டைகளை அந்த ஒரு தவறைச் சுற்றியே அமைக்கிறோம். மதுரைக்காரர்களுக்குப் பழகிய மட்டன் சுக்காதான் உதாரணம். இதில் வரும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

அட்டை வெட்டுவது

தடிமனான சார்ட் பேப்பரை 5 அங்குல நீளம், 3 அங்குல அகலத்தில் வெட்டுங்கள். மூலையில் ஓட்டை போட்டு வளையத்தில் கோத்துக்கொண்டால் பஸ்ஸிலும் புரட்டலாம். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். ஒரு அட்டையில் ஒரு கேள்விதான். இடம் மிச்சமிருக்கிறதே என்று இரண்டாவதை எழுதினால், ஒன்றுக்கு மட்டும் பதில் தெரிந்தும் முழு அட்டையும் தெரிந்ததாகத் தள்ளிவைத்துவிடுவீர்கள்.

வாய்பாடு, எடை, யீல்ட் சதவீதம் எல்லாம் பேனாவில் எழுதலாம். விலையை மட்டும் பென்சிலில் எழுதுங்கள். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் போன வாரம் விற்ற விலையில் இந்த வாரம் விற்காது.

முதல் அட்டை: யீல்ட்

வாங்கிய எடையில் சமைக்கத் தேறுவது எவ்வளவு என்பதுதான் யீல்ட். இதைப் புத்தகத்தைப் பார்த்து எழுதாமல், பிராக்டிகல் வகுப்பில் நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

சின்ன வெங்காயம் 1 கிலோ எடுத்து உரியுங்கள். உரித்தது 800 கிராம் வந்தால் யீல்ட் 80 சதவீதம். தோலையும் வேர்ப்பகுதியையும் தனியாக நிறுத்தால் 200 கிராம் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 1 கிலோவைத் தாண்டினால் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று ஊறவைத்த வெங்காயத்தை வடியவிடாமல் தராசில் வைத்தால் இப்படித்தான் ஆகும், யீல்ட் பொய்யாக உயர்ந்து நிற்கும். வடிகட்டி, துணியில் ஒற்றி எடுத்து நிறுக்க வேண்டும்.

இப்போது அட்டை.

முன்பக்கம்: சின்ன வெங்காயம் கிலோ 60 ரூபாய், யீல்ட் 80%. உரித்த வெங்காயம் கிலோ என்ன விலை?

பின்பக்கம்: 60 ÷ 0.80 = 75 ரூபாய்.

20 சதவீதம் கழிவு என்பதால் 60-உடன் 20 சதவீதத்தைக் கூட்டி 72 என்று எழுதுபவர்கள் நிறைய. அந்த 20 சதவீதம் வாங்கிய 1 கிலோவில் போனது. நாம் விலை கேட்பது உரித்த பிறகு மிஞ்சியதற்கு. 60 ரூபாய் முழுவதையும் இனி அந்த 800 கிராம்தான் சுமக்க வேண்டும், அதனால்தான் வகுக்கிறோம். பின்பக்கத்தின் அடியில் “72 தவறு” என்று சிவப்பு மையில் எழுதிவையுங்கள். தவறான விடை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் பரீட்சையில் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

கொள்முதலிலும் இதே கதைதான். உரித்த வெங்காயம் 2 கிலோ வேண்டுமென்றால் 2 ÷ 0.80, அதாவது 2.5 கிலோ வாங்க வேண்டும். 20 சதவீதம் கூட்டி 2.4 கிலோ வாங்கினால் உரித்த பிறகு 1.92 கிலோதான் தேறும். 80 கிராம் குறையும்.

இரண்டாவது அட்டை: ஒரு போர்ஷனின் விலை

எலும்பில்லாத மட்டன் 1 கிலோ 900 ரூபாய். உரித்த சின்ன வெங்காயம் 400 கிராம், கிலோ 75 கணக்கில் 30 ரூபாய். நல்லெண்ணெய் 35, மிளகு, சீரகம், இஞ்சி பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து 25. மொத்தம் 990 ரூபாய்.

கறியில் இருக்கும் நீர் வேகும்போது வற்றிவிடும், சுக்கா பதத்துக்குச் சுண்டினால் இன்னும் குறையும். இறக்கிய பிறகு மசாலாவோடு நிறுத்தால் 750 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போர்ஷன் 125 கிராம் என்றால் 6 போர்ஷன். 990 ÷ 6 = 165 ரூபாய். பச்சைக் கறி 1 கிலோவை 125-ஆல் வகுத்து 8 போர்ஷன் என்று எழுதிவிடாதீர்கள். பரிமாறுவது வெந்த கறியை.

மூன்றாவது அட்டை: விற்பனை விலை

முன்பக்கம்: போர்ஷன் விலை 165, ஃபுட் காஸ்ட் 33%. விற்பனை விலை என்ன?

பின்பக்கம்: 165 ÷ 0.33 = 500 ரூபாய்.

இங்கேயும் 165-உடன் 33 சதவீதத்தைக் கூட்டி 219 என்று முடிப்பவர்கள் உண்டு. 33 சதவீதம் என்பது விற்பனை விலையில் 33 சதவீதம். 219-க்கு விற்றால் ஃபுட் காஸ்ட் 75 சதவீதமாகிவிடும். சம்பளம், கேஸ், வாடகை எல்லாவற்றையும் மிச்சமிருக்கும் 54 ரூபாயில் சமாளிக்க வேண்டியிருக்கும்.

இதன் தொடர்ச்சியாக ஒரு அட்டை அவசியம் வேண்டும். கரண்டி சற்று நிறைந்து 125-க்குப் பதில் 150 கிராம் விழுந்தால் என்ன ஆகும்? அதே 750 கிராமில் 5 போர்ஷன்தான் வரும். ஒன்றின் விலை 198, அதே 500-க்கு விற்றால் ஃபுட் காஸ்ட் 39.6 சதவீதம். போர்ஷன் கன்ட்ரோல் என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதச் சொன்னால் இந்தக் கணக்கையே எழுதலாம்.

நான்காவது அட்டை: ஜிஎஸ்டி

ஃபுட் காஸ்ட் சதவீதத்தை வரி நீங்கிய விலையில்தான் பார்க்க வேண்டும். மெனுவில் 5% ஜிஎஸ்டி சேர்த்து 525 என்று போட்டிருந்தால் 525 ÷ 1.05 = 500. 525-இல் 5 சதவீதம் கழித்தால் 498.75 வரும், அது தவறு. வரி போட்டது 500-க்கு, 525-க்கு அல்ல.

கிச்சன் சொற்களுக்கான அட்டைகள்

பிரெஞ்சுச் சொற்களைத் தனிக் கட்டாகப் படிப்பதைவிட, யீல்டோடு சேர்த்துப் படித்தால் மனதில் தங்கும். சொல்லின் பின்பக்கம் பொருளை எழுதி, அதன் கீழே “என்ன கழியும்?” என்று ஒரு வரி சேருங்கள்.

கோன்காஸே என்றால் தோலும் விதையும் நீக்கி நறுக்கிய தக்காளி. இரண்டும் போவதால் யீல்ட் நன்றாகவே இறங்கும். 60 சதவீதம் தேறினால் 30 ரூபாய்த் தக்காளி கிலோ 50 ரூபாய் ஆகிவிடும். ப்ரூன்வாஸ் என்றால் மிகச் சிறிய சதுரத் துண்டு. கேரட் உருண்டையாக இருப்பதால் முதலில் நான்கு பக்கமும் சீவிச் சதுரமாக்க வேண்டும், அந்தச் சீவல்தான் கழிவு. தீக்குச்சி போல நறுக்கும் ஜூலியனுக்கும் இப்படித்தான். மில்லிமீட்டர் அளவு புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், உங்கள் பாடநூலில் இருப்பதையே எழுதுங்கள்.

அந்தச் சீவலைத் தூக்கிப் போடத் தேவையில்லை. மிர்ப்வாவில் சேர்க்கலாம். ஸ்டாக்குக்குப் போடும் வெங்காயம், கேரட், செலரிக் கலவைதான் மிர்ப்வா. எடையில் 2 பங்கு, 1 பங்கு, 1 பங்கு. வடிகட்டி எடுத்துவிடுவதால் துண்டின் வடிவம் அங்கே முக்கியமில்லை.

படிக்கும் முறை

மூன்று கட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறியவை தினமும், ஒருமுறை சரியாகச் சொன்னவை மூன்று நாளுக்கு ஒருமுறை, மறுபடியும் சரியானவை வாரம் ஒருமுறை. தவறினால் அட்டை முதல் கட்டுக்கே திரும்ப வேண்டும். சொற்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். கணக்கு அட்டையைப் பார்த்துத் தலையாட்டாமல் தாளில் போட்டுவிட்டுத் திருப்புங்கள். “500” என்ற விடை மனப்பாடமாகிவிட்டால் பென்சில் விலையை அழித்து, மட்டன் கிலோ 960 என்று மாற்றுங்கள். மொத்தம் 1,050, போர்ஷன் 175, விற்பனை விலை 530 ரூபாய் 30 பைசா. மெனுவில் 530 என்று போடலாம்.